சோலார் போடுவதற்கு முன்: பில்லா, லேபிளா, வாட் மீட்டரா?

சோலார் வைக்க முடிவெடுத்தவர்கள் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் "எத்தனை கிலோவாட் போடலாம்?" என்பதுதான். அதற்கு முன்னால் இன்னொரு கேள்வி இருக்கிறது. வீட்டின் மின்செலவை எதை வைத்துக் கணக்கிடுவது? மின் கட்டண ரசீது போதும் என்கிறார் ஒருவர். ஒவ்வொரு சாதனத்தின் பின்பக்கமும் ஒட்டியிருக்கும் வாட் எண்ணைக் கூட்டினால் போதும் என்கிறார் இன்னொருவர். பிளக் பாயின்ட்டில் சொருகும் வாட் மீட்டர் வாங்காமல் இறங்கவே கூடாது என்பது மூன்றாமவர் கட்சி. எலக்ட்ரீஷியன் வந்தாலோ கிளாம்ப் மீட்டரைக் கையில் எடுக்கிறார். நான்கிலும் உண்மை உண்டு. ஆனால் நான்கும் ஒரே கேள்விக்கு விடை சொல்வதில்லை.

## எதை அளக்க வேண்டும்?

முதலில் எந்த வகை சோலார் என்று முடிவு செய்யுங்கள். மின் வாரிய இணைப்போடு சேர்ந்து ஓடும், பேட்டரி இல்லாத அமைப்பு என்றால், பகலில் உபரியாவது வாரியத்துக்குப் போகும், இரவில் வாரியத்திலிருந்து வாங்கிக்கொள்வீர்கள். அங்கே தேவைப்படுவது ஒரே எண்தான்: ஆண்டு முழுவதும் எத்தனை யூனிட் செலவாகிறது என்பது.

பேட்டரி வந்துவிட்டால் கதை மாறுகிறது. மாலை ஐந்து மணி முதல் காலை ஏழு மணி வரை, ஏறக்குறைய 14 மணி நேரம் வீடு பேட்டரியில் ஓட வேண்டும். ஆகவே இரவுச் செலவு தனியாகத் தெரிய வேண்டும். அதில் நாம் கேட்டு ஓடுவது எது, கேட்காமலே ஓடுவது எது என்று பிரித்தும் தெரிய வேண்டும். இன்வெர்ட்டரின் அளவை முடிவு செய்ய, ஒரே நேரத்தில் ஏறக்கூடிய உச்சச் சுமையும் வேண்டும்.

எனவே ஒவ்வொரு வழியையும் நான்கு கேள்விகளால் உரசிப் பார்க்கலாம். மொத்த யூனிட்டைச் சரியாகச் சொல்கிறதா? இரவுச் செலவைப் பிரித்துக் காட்டுகிறதா? எந்தப் பெட்டி எவ்வளவு தின்கிறது என்று சொல்கிறதா? பணம், நேரம், ஆபத்து என்று நம்மிடம் என்ன கேட்கிறது?

| வழி | மொத்த யூனிட் | இரவுச் செலவு | சாதன வாரியாக | மறைந்திருக்கும் விலை |
|---|---|---|---|---|
| மின் கட்டண ரசீது | மிகச் சரி | தெரியாது. மீட்டரை நாமே படித்தால் தெரியும் | தெரியாது | பருவ மாற்றம் சராசரியில் மறைந்துவிடும் |
| லேபிள் கூட்டல் | பெரும்பாலும் மிகை | ஊகம் | ஊகம் | தேவைக்கு மேல் வாங்க வைக்கும் |
| பிளக் வாட் மீட்டர் | தெரியாது | பிளக்கில் உள்ளவை மட்டும் | மிகச் சரி | சில நாட்கள் பொறுமை. கனமான சுமைக்கு ஆகாது |
| கிளாம்ப் மீட்டர் | தெரியாது | தெரியாது | பெரிய சுமைக்கு ஓரளவு சரி | சிறிய சுமையில் தவறான எண். மின்பெட்டியைத் திறக்கும் ஆபத்து |

## மின் கட்டண ரசீது

தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ரீடிங் எடுக்கிறார்கள். கடைசி ஆறு ரசீதுகளைச் சேர்த்தால் ஓர் ஆண்டுக் கணக்கு கையில் இருக்கும். ஒரு ரசீதை மட்டும் பார்க்காதீர்கள். ஏப்ரல், மே மாதங்களின் கணக்கும் டிசம்பர், ஜனவரி கணக்கும் ஒரே வீட்டுடையவை என்று நம்பவே முடியாது.

நம் ஊர் வெயிலில் ஒரு கிலோவாட் பேனல் ஆண்டுச் சராசரியாக நாளொன்றுக்கு நான்கு யூனிட் அளவில் தரும். ஆண்டு யூனிட்டை 365 ஆல் வகுத்து, வந்ததை நான்கால் வகுத்தால் தேவையான கிலோவாட் கிடைத்துவிடும். 2024 இல் தொடங்கிய பிரதமர் சூர்ய கர் திட்டத்தின் மானியமும் இரண்டு கிலோவாட் வரை கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், மூன்றாவதுக்கு 18,000, ஆக 78,000 ரூபாயோடு நின்றுவிடுகிறது. பேட்டரி இல்லாத அமைப்பைப் போடுகிறவருக்கு வேறு எந்தக் கருவியும் வேண்டாம் என்பதே என் கருத்து. வாட் மீட்டர் வாங்கி ஒரு வாரம் அளந்தாலும் முடிவு அரை பேனல் அளவுகூட மாறாது.

ரசீதைவிட அது பிறக்கும் மீட்டர் பெட்டி இன்னும் பயனுள்ளது. திரையில் மாறி மாறி வரும் எண்களில் `kWh` என்று காட்டும் எண்ணை மாலை ஐந்து மணிக்கும் மறுநாள் காலை ஏழு மணிக்கும் குறித்துக்கொள்ளுங்கள். கழித்தால் இரவுச் செலவு வந்துவிடுகிறது, ஒரு ரூபாய் செலவில்லாமல். மின்வெட்டு இல்லாத இரவாகப் பார்த்துச் செய்யுங்கள்.

பெட்டியில் சிமிட்டும் சிவப்பு விளக்கும் ஓர் அளவுகோல்தான். பக்கத்தில் `3200 imp/kWh` என்பதுபோல அச்சிட்டிருக்கும். ஒரு யூனிட்டுக்கு 3200 முறை சிமிட்டும் என்று அர்த்தம். உங்கள் மீட்டரில் வேறு எண் இருக்கலாம். இரண்டு சிமிட்டலுக்கு இடையிலான வினாடியை அளந்து இந்தக் கணக்கில் போட்டால் அந்தக் கணத்தில் வீடு எடுக்கும் வாட் கிடைக்கும்:

```
W = 3600000 / (imp × s)
```

3200 என்ற மீட்டருக்கு, 1125 ஐ வினாடியால் வகுத்தால் போதும். சிமிட்டல் மெதுவாக இருந்தால் பத்து இடைவெளிகளை ஒன்றாக அளந்து பத்தால் வகுப்பது துல்லியம்.

## லேபிள் கூட்டல்

சோலார் விற்பவர்கள் பலர் தரும் படிவம் இதுதான். ஃபிரிட்ஜ் இத்தனை வாட், 24 மணி நேரம், டிவி இத்தனை வாட், ஐந்து மணி நேரம், கூட்டிக்கொள்ளுங்கள். லேபிளில் இருப்பது அந்தச் சாதனம் அதிகபட்சம் எடுக்கக்கூடிய அளவு. 65 வாட் லேப்டாப் சார்ஜர், பேட்டரி நிறைந்த பிறகு அதில் பாதியைக்கூட எடுக்காது. 150 வாட் என்று போட்ட ஃபிரிட்ஜை 24 ஆல் பெருக்கினால் 3.6 யூனிட் வரும். கம்ப்ரசர் விட்டுவிட்டு ஓடுவதால் உண்மைச் செலவு அதில் மூன்றில் ஒரு பங்காக இருப்பது சாதாரணம்.

நட்சத்திர லேபிளில் உள்ள ஆண்டு யூனிட் இதைவிட நம்பகமானது, ஆனால் அதுவும் சோதனைக்கூடக் கணக்கு. ஏசிக்கு ஆண்டுக்கு 1600 மணி நேரம் என்று வைத்துக்கொண்டு போட்ட எண் அது. மார்ச் முதல் அக்டோபர் வரை இரவெல்லாம் ஓட்டும் வீட்டுக்கு அது பொருந்தாது.

லேபிளில் இல்லாதது அணைத்த பிறகும் ஓடும் ஸ்டாண்ட்பை செலவு. கூட்டல் ஒரு பக்கம் மிகையாகவும் மறுபக்கம் குறையாகவும் போகிறது, இரண்டும் சரிக்குச் சரி ஆகிவிடும் என்று எதிர்பார்க்க முடியாது. இன்னும் வாங்காத சாதனத்துக்கும், புதிதாகக் கட்டும் வீட்டுக்கும் மட்டும் இது சரி. அங்கே அளக்க எதுவும் இல்லையே.

## பிளக் வாட் மீட்டர்

சுவர் பிளக்குக்கும் சாதனத்துக்கும் நடுவே சொருகும் சிறு பெட்டி. வோல்டேஜ், ஆம்பியர், வாட், பவர் ஃபேக்டர், சேர்ந்துகொண்டே போகும் யூனிட் எல்லாவற்றையும் காட்டும். ஆயிரம், இரண்டாயிரம் ரூபாய்க்குள் கிடைக்கிறது. பயன்படுத்தும் முறையில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள்.

ஃபிரிட்ஜை ஒரு மணி நேரம் அளந்து 24 ஆல் பெருக்காதீர்கள். ஃப்ராஸ்ட் ஃப்ரீ வகை என்றால் நடுவில் ஒரு வேடிக்கை பார்க்கலாம். கம்ப்ரசர் சத்தம் நின்றிருக்கும், கதவு மூடியிருக்கும், வீடே அமைதியாக இருக்கும். மீட்டரோ 160 வாட் காட்டும். உள்ளே பனியை உருக்கும் ஹீட்டர் அது. சுமார் இருபது நிமிடம் அசையாமல் நின்று பிறகு சட்டென்று சில வாட்டுக்கு இறங்கிவிடும். நாளைக்கு ஒன்றிரண்டு முறை மட்டுமே வரும் இந்தச் செலவு குறுகிய அளவீட்டில் சிக்காது. மூன்று, நான்கு நாட்கள் விட்டுவைத்து, சேர்ந்த யூனிட்டை மணி நேரத்தால் வகுத்து 24 ஆல் பெருக்குங்கள்.

சிறிய சுமைகளில் மலிவு மீட்டர்கள் திணறும். இரண்டு வாட்டுக்குக் கீழே சில மீட்டர்கள் சுழியம் என்றே காட்டிவிடும். வழி எளிது. ஒரு எக்ஸ்டென்ஷன் பெட்டியில் 40 வாட் குண்டு பல்பையும் அந்தச் சாதனத்தையும் சேர்த்துச் சொருகி, பல்பை மட்டும் வைத்து வந்த எண்ணைக் கழித்துவிடுங்கள். குண்டு பல்பு நேர்மையான சுமை. மீட்டர் அதைச் சரியாகப் படிக்கும்.

ஹோம் யூ.பி.எஸ் உள்ள வீட்டுக்காரருக்கு இந்த மீட்டரால் இன்னொரு லாபம் உண்டு. மின்விசிறி, விளக்கு எல்லாம் சுவருக்குள் வயராகப் போவதால் பிளக் மீட்டர் அவற்றைத் தொட முடியாது என்பது வழக்கமான குறை. ஆனால் யூ.பி.எஸ்ஸின் பிளக்கில் மீட்டரைப் போட்டால், அதன் லைனில் உள்ள விசிறிகளும் விளக்குகளும் அந்த ஒரு பிளக் வழியாகத்தான் மின்சாரம் எடுக்கின்றன. ஒரு விசிறியைப் போட்டால் எண் 70, 75 வாட் ஏறுவது கண்ணுக்கு நேரே தெரியும். பேட்டரி முழுதாக நிறைந்த பிறகே இதைச் செய்ய வேண்டும். மின்வெட்டு முடிந்த கையோடு பார்த்தால் பேட்டரி ஏற்றும் சில நூறு வாட்டில் எல்லாம் மூழ்கிவிடும்.

இனி மறைந்திருக்கும் விலைகள். இணையத்தில் வரும் சில மாடல்கள் வெளிநாட்டு உருண்டைப் பின்னுக்கானவை. மாற்றி வைத்துச் சொருகினால் இளகி நின்று சூடேறும். நம் மூன்று பின்னுக்கேற்றதாகப் பார்த்து வாங்குங்கள். மேலே 16 ஆம்பியர் என்று எழுதியிருந்தாலும் கெய்சரை மணிக்கணக்கில் அதன் வழியே ஓட்ட நான் துணிய மாட்டேன். ஐந்து நிமிடம் ஓட்டி வாட்டைக் குறித்துவிட்டுக் கழற்றுங்கள், தொட்டுப் பார்த்துச் சூடு தெரிந்தால் அதற்கும் முன்பே. மின்சாரம் போனால் சேர்ந்த யூனிட்டை மறந்துவிடும் மாடல்களும் உண்டு. மின்வெட்டு உள்ள ஊரில் நான்கு நாள் உழைப்பு அப்படியே போய்விடும். மோட்டார் கிளம்பும் நொடிப்பொழுது இழுப்பையும் இது பிடிக்காது, ஏனென்றால் திரை நொடிக்கு ஒருமுறை அளவில்தான் மாறுகிறது.

வைஃபை ஸ்மார்ட் பிளக் இதே வேலையைச் செய்து கைபேசியில் வரைபடமும் தரும். மின்வெட்டுக்குப் பிறகு தானாக ஆன் ஆகும்படி அமைக்காமல் ஃபிரிட்ஜுக்குப் போட்டுவிடாதீர்கள். காலையில் பால் திரிந்திருக்கும்.

## கிளாம்ப் மீட்டர்

வயரைச் சுற்றிக் கவ்வி ஆம்பியர் காட்டும் கருவி. போர் மோட்டார், வயரிங் ஏசி போன்றவற்றுக்கு இதை விட்டால் வழியில்லை. கிளம்பும்போது மோட்டார் இழுக்கும் உச்ச ஆம்பியரைப் பிடித்து வைக்கும் வசதி சிலவற்றில் உண்டு. இன்வெர்ட்டர் அளவுக்கு அந்த எண் பொன் மாதிரி. ஒரு குதிரைத்திறன் மோட்டார் கிளம்பும் நேரத்தில் ஓடும்போது எடுப்பதைப்போல ஐந்து, ஆறு மடங்கு இழுக்கக்கூடும்.

சிறிய சாதனத்தில் இது ஏமாற்றும். வைஃபை ரவுட்டரின் வயரில் 0.08 ஆம்பியர் காட்டுகிறது என்று வையுங்கள். 230 ஆல் பெருக்கினால் 18 வரும். அது 18 வாட் அல்ல, 18 வோல்ட் ஆம்பியர். வோல்ட் ஆம்பியரில் எத்தனை பங்கு உண்மையான வாட் என்பதைச் சொல்வதுதான் பவர் ஃபேக்டர். அது 0.5 என்றால் உண்மையில் 9 வாட்தான். இப்படி நாலைந்து பெட்டிகளைக் கணக்கிட்டால் ஸ்டாண்ட்பை செலவு இரட்டிப்பாகத் தெரியும். இரண்டு கம்பியும் சேர்ந்த வயரை அப்படியே கவ்வினால் போவதும் வருவதும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு சுழியம் காட்டும். கம்பியைப் பிரிக்க மின்பெட்டியைத் திறக்க வேண்டும். அது எலக்ட்ரீஷியன் வேலை.

## ஒரு வீட்டில் கணக்கு எப்படி வந்தது

தாராபுரம் பக்கம் ஒரு நண்பர் வீடு. இரண்டு மாதத்துக்கு 420 யூனிட், நாளுக்கு ஏழு. மின்வெட்டுத் தொல்லையால், வாரிய இணைப்பும் பேட்டரியும் சேர்ந்த ஹைப்ரிட் சோலார் வேண்டும் என்றார். விற்பனையாளர் கொடுத்த பட்டியலில் ஃபிரிட்ஜுக்கு மட்டும் 3.6 யூனிட் போட்டிருந்தது.

முதலில் மீட்டர் பெட்டி. இரவு எல்லாரும் படுக்கும் நிலைக்கு வீட்டை அணைத்து, விசிறிகளையும் நிறுத்தி, ஃபிரிட்ஜ் பிளக்கைக் கழற்றினோம். எதுவும் ஓடவில்லை என்றுதான் நண்பர் சொன்னார். சிவப்பு விளக்கு பத்து இடைவெளிக்கு 130 வினாடி எடுத்தது. அதாவது 87 வாட். நாளெல்லாம் அப்படியே போனால் இரண்டு யூனிட்டுக்கு மேல். இரண்டு மாதத்தில் 125 யூனிட். ரசீதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, யாரும் எதையும் போடாமல்.

யார் தின்பது என்று சிவப்பு விளக்கு சொல்லாது. அங்கேதான் பிளக் மீட்டர் வந்தது. நான்கு கேமராக்களும் அவற்றின் பதிவுப் பெட்டியும் 27 வாட். நிறைந்த பேட்டரியை ஏந்தியபடி சும்மா இருந்த யூ.பி.எஸ் 22. செட்டாப் பாக்ஸ் 10, ரவுட்டர் 9, ஏசியின் பழைய ஸ்டெபிலைசர் 6, குடிநீர் சுத்திகரிப்பான் 3, மைக்ரோவேவ் 2, வாஷிங் மெஷின் 1. மொத்தம் 80. மீதி ஏழு வாட் காலிங் பெல், வாசல் சென்சார் விளக்கு என்று சுவருக்குள் இருந்தது. செட்டாப் பாக்ஸை ரிமோட்டில் அணைத்தபோது ஒரு வாட் மட்டுமே இறங்கியது; சுவர் சுவிட்சை அணைத்தபோதுதான் அது உண்மையில் அணைந்தது.

இரவுக் கணக்கு இப்படி. பழைய யூ.பி.எஸ் போய்விடும், அதன் இடத்தில் வரும் ஹைப்ரிட் இன்வெர்ட்டர் தன் சொந்தச் செலவாக 40 வாட் எடுக்கும். இதை யாரும் விளம்பரத்தில் பெரிதாகப் போடுவதில்லை. தொழில்நுட்பத் தாளில் சுமையில்லாச் செலவு என்ற வரியைத் தேடிப் பார்க்க வேண்டும். 14 மணி நேரத்துக்கு அது 0.56 யூனிட். மீதி 65 வாட் ஸ்டாண்ட்பை 0.9. நான்கு நாள் அளந்ததில் நாளுக்கு 1.2 என்று வந்த ஃபிரிட்ஜ் இரவில் 0.7. விளக்கும் டிவியும் 0.4. மூன்று விசிறிகள் ஒன்பது மணி நேரம், தலா 75 வாட்: 2 யூனிட். கூட்டினால் 4.6 யூனிட்.

12 வோல்ட், 150 ஆம்பியர் மணி கொண்ட டியூபுலர் பேட்டரி எழுத்தில் 1.8 யூனிட். அதிகம் உழைக்க வேண்டுமானால் பாதிக்கு மேல் இறக்கக் கூடாது, ஆக 0.9. 48 வோல்ட் அமைப்புக்கு நான்கு வேண்டும்: 3.6 யூனிட். நண்பரின் இரவு அதற்குள் அடங்கவில்லை. 200 ஆம்பியர் மணி பேட்டரிகளுக்குப் போனாலும் 4.8 தான், இன்வெர்ட்டரில் பத்து சதவீதம் இழப்பு என்று வைத்தால் அதுவும் பற்றாது.

சுவர் சுவிட்சில் அணைக்கக்கூடிய பெட்டிகளை அணைத்தால் 22 வாட் போகிறது, இரவுக்கு 0.3 யூனிட். கேமராவையும் ரவுட்டரையும் விட்டுவைத்தோம். அவை தேவைக்கு ஓடுபவை. நிஜமான லாபம் விசிறியில் இருந்தது. குறைந்த மின்சாரத்தில் ஓடும் 30 வாட் பி.எல்.டி.சி விசிறிகளுக்கு மாறினால் 2 யூனிட் 0.8 ஆகிறது. எல்லாம் சேர்த்து இரவு 3.1 யூனிட், இழப்பைச் சேர்த்தாலும் 3.4. நான்கு 150 ஆம்பியர் மணி பேட்டரிகளில் அடங்கிவிட்டது. பேட்டரி விலை வித்தியாசத்தில் மூன்று விசிறிக்கும் வாட் மீட்டருக்கும் பணம் கிடைத்துவிடும்.

ஸ்டாண்ட்பை செலவைத் தேடித்தான் மீட்டரைக் கையில் எடுத்தோம், கடைசியில் பெரிய பங்கு விசிறிக்குப் போனது. யூ.பி.எஸ் பிளக்கில் மீட்டரை வைத்துப் பார்த்ததால்தான் விசிறி 75 வாட் என்பதை நண்பர் நம்பினார்.

## யாருக்கு எது?

பேட்டரி இல்லாமல் வாரிய இணைப்போடு போடுகிறீர்கள் என்றால் ஆறு ரசீதுகள் போதும். வாட் மீட்டர் அங்கே சோலாருக்காக அல்ல, ரசீதைக் குறைப்பதற்காக மட்டும். கட்டணம் படிப்படியாக ஏறுவதால் குறையும் யூனிட்டுகள் மேல்படியிலிருந்துதான் குறையும்.

பேட்டரி உண்டு, வீட்டில் ஆள் குடியிருக்கிறார்கள் என்றால் சிவப்பு விளக்கு முதலில், பிளக் மீட்டர் அடுத்து, அந்த வரிசையில். விளக்கின் எண்ணுக்கும் பிளக் மீட்டரின் கூட்டலுக்கும் பத்து வாட்டுக்கு மேல் வித்தியாசம் வந்தால், எங்கோ ஒரு பெட்டி உங்கள் பட்டியலில் இல்லை. மாடி அறை, மோட்டார் ரூம், பழைய ஸ்டெபிலைசர் என்று தேடுங்கள். மீட்டர் வாங்க மனமில்லை என்றால் ஒரு வாரத்துக்கு யாரிடமாவது இரவல் கேளுங்கள்; வேலை முடிந்த பிறகு அது எல்லார் வீட்டிலும் அலமாரியில்தான் கிடக்கிறது.

போர் மோட்டாரையும் பேட்டரியில் ஓட்ட நினைத்தால் கிளாம்ப் மீட்டரோடு எலக்ட்ரீஷியனை அழையுங்கள். மோட்டாரைப் பகலில் பேனல் மின்சாரத்தில் ஓட்ட முடிந்தால் அந்தச் செலவே வேண்டாம். கட்டி முடிக்காத வீட்டுக்கு லேபிளை விட்டால் வேறு வழியில்லை. அப்போதும் ஃபிரிட்ஜுக்கு நட்சத்திர லேபிளின் ஆண்டு யூனிட்டை 365 ஆல் வகுத்துப் போடுங்கள், வாட்டை 24 ஆல் பெருக்காதீர்கள்.

ஜனவரியில் அளந்தவர்கள் ஃபிரிட்ஜை மட்டும் மே மாதத்தில் இன்னொரு முறை அளக்க வேண்டும். சமையலறை வெக்கையில் அதன் கணக்கு கூடும், பேட்டரி அந்த மாதத்துக்கும் போதுமானதாக இருக்க வேண்டும்.